ஷார்ட் செல்லிங்கில் மார்ஜின் கணக்கு

கையில் இல்லாத பங்கைத் தரகரிடம் கடன் வாங்கி விற்று, விலை இறங்கிய பிறகு சந்தையில் வாங்கித் திருப்பிக் கொடுப்பதே ஷார்ட் செல்லிங். விலை இறங்காமல் ஏறினால் நஷ்டம். ஏற்றத்துக்கு எல்லை இல்லாததால் நஷ்டத்துக்கும் எல்லை இல்லை. அதனால்தான் தரகர் முதலிலேயே ஈட்டுப்பணம் கேட்கிறார். அதுதான் மார்ஜின்.

அமெரிக்காவில் ஃபெடரல் ரிசர்வின் ‘ரெகுலேஷன் டி’ விதி 1974 முதல் தொடக்க மார்ஜினை 50 சதவீதமாக வைத்திருக்கிறது. அதன் பிறகு கணக்கில் எப்போதும் இருக்க வேண்டிய பராமரிப்பு மார்ஜின், ஃபின்ரா விதிப்படி, பெரும்பாலான பங்குகளுக்குக் குறைந்தது 30 சதவீதம். தரகர் இதைவிட அதிகமாகவும் கேட்கலாம்.

ஒருவர் 100 டாலர் விலையில் 100 பங்குகளை ஷார்ட் செய்கிறார் என்று கொள்வோம். விற்ற பணம் 10,000 டாலர். அதை அவர் வெளியே எடுக்க முடியாது. தொடக்க மார்ஜினாக 5,000 டாலர் கட்டுகிறார். ஆகக் கணக்கில் 15,000 டாலர் ரொக்கம் இருக்கும். இந்தத் தொகை அப்படியே நிற்கும். விலையோடு மாறுவது திருப்பித் தர வேண்டிய பங்குகளின் மதிப்பு மட்டுமே.

விலை 125 டாலருக்கு ஏறினால் அந்தக் கடன் 12,500 டாலராகிறது. 15,000-இல் அதைக் கழித்தால் அவருடைய சொந்தப் பணம் 2,500. கடனோடு ஒப்பிட்டால் இது 20 சதவீதம்தான். இருக்க வேண்டியது 12,500-இல் 30 சதவீதம், அதாவது 3,750. குறைகிற 1,250 டாலரைக் கட்டச் சொல்லி மார்ஜின் கால் வரும். தேர்வு எழுதுவோர் பலர் சறுக்குவது இங்கேதான். ஃபியூச்சர்ஸ் கணக்கில் தொடக்க அளவு வரை நிரப்ப வேண்டும். பங்குக் கணக்கில் பராமரிப்பு அளவை எட்டினால் போதும். கேள்வி எதைக் கேட்கிறது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

மார்ஜின் கால் எந்த விலையில் தொடங்கும் என்பதையும் கணக்கிடலாம். 15,000 டாலரை 130-ஆல் வகுத்தால் 115.38. பங்கு 15 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினாலே ஆபத்து என்று பொருள். இதே 5,000 டாலரோடு இன்னொரு 5,000-ஐக் கடன் வாங்கி அதே பங்கை வாங்கியவருக்கு, 30 சதவீதப் பராமரிப்பு மார்ஜின் என்றால், விலை 71.43-க்குக் கீழே போனால்தான் மார்ஜின் கால் வரும். வாங்கியவருக்கு விலை சரியும்போது கேட்கப்படும் மார்ஜின் தொகையும் சேர்ந்து குறையும். ஷார்ட் செய்தவருக்கோ சொந்தப் பணம் கரையக் கரைய, கேட்கப்படும் தொகை கூடிக்கொண்டே போகும்.

இடையில் நிறுவனம் பங்குக்கு ஒரு டாலர் டிவிடெண்ட் அறிவித்தால், பங்கைக் கடன் வாங்கியவரே அந்த 100 டாலரைத் தர வேண்டும். அப்போது ரொக்கம் 14,900 ஆகிவிடும். மார்ஜின் கால் 114.62 டாலரிலேயே தொடங்கும். அழைப்புக்குப் பணம் கட்டாவிட்டால், தரகர் தாமாகவே சந்தையில் பங்கை வாங்கிக் கணக்கை முடித்துவிடலாம்.