மாதக் கணக்குக்கு இரண்டு எல்லைகள்

எக்செல் தாளில் விற்பனை நாள்வாரியாகத்தான் ஏறும். ஒரு நெடுவரிசையில் தேதி, பக்கத்தில் தொகை. மாத முடிவில் தேவைப்படுவதோ மாத மொத்தம். ‘ஏப்ரல்’ என்ற சொல் தாளில் எங்கும் இருக்காது. அதனால் ஏப்ரல் என்பதை எக்செலுக்குப் புரியும்படி இரண்டு எல்லைகளாகச் சொல்ல வேண்டும்: எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளுக்கு முன் முடிகிறது. இவ்விரண்டையும் நிபந்தனைகளாக ஏற்று, பொருந்தும் தொகைகளை மட்டும் கூட்டித் தருவது SUMIFS. எக்செலின் 2007 பதிப்பில் அறிமுகமான சார்பு இது.

தேதி கட்டத்தில் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதில்தான் இந்த முறை நிற்கிறது. 01-04-2024 என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது 45383 என்ற எண். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என வைத்து எக்செல் நாள்களுக்குத் தரும் வரிசை எண் அது. மறுநாள் 45384, மே மாத முதல் நாள் 45413. நேரமும் சேர்ந்திருந்தால் அது நாளின் பின்னமாகப் பதியும்: நண்பகல் என்றால் 0.5, மாலை ஆறரை என்றால் ஏறத்தாழ 0.77. ஆக, ஏப்ரல் 2024 என்பது 45383-இல் தொடங்கி 45413-ஐத் தொடாமல் நிற்கும் ஓர் எண் இடைவெளி.

ஒரு சிறு கடையின் பதிவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். A நெடுவரிசையில் தேதி, B நெடுவரிசையில் ரூபாய். முதல் வரிசை தலைப்பு.

| வரிசை | தேதி | தொகை |
|---|---|---|
| 2 | 10-04-2023 | 600 |
| 3 | 28-03-2024 | 1,200 |
| 4 | 01-04-2024 | 850 |
| 5 | 13-04-2024 | 2,400 |
| 6 | 30-04-2024 18:30 | 1,750 |
| 7 | 01-05-2024 | 900 |

மொத்தம் 7,700 ரூபாய். இதில் 2024 ஏப்ரலுக்கு உரியவை 4, 5, 6 ஆகிய மூன்று வரிசைகள், கூட்டினால் 5,000.

D2 கட்டத்தில் மாதத்தின் முதல் தேதியான 01-04-2024 உள்ளிடப்படுகிறது. அதன் வடிவமைப்பை `mmm-yyyy` என்று மாற்றினால் Apr-2024 என்று தெரியும். உள்ளே இருக்கும் எண் மாறாது. பிறகு E2 கட்டத்தில் இந்தச் சூத்திரம்:

```
=SUMIFS(B$2:B$7,A$2:A$7,">="&D2,A$2:A$7,"<"&EDATE(D2,1))
```

முதலில் நிற்கும் B$2:B$7 கூட்ட வேண்டிய தொகைகள். அதன்பின் வருபவை இரண்டு இணைகள். ஒவ்வொன்றிலும் தேட வேண்டிய பகுதியும் அதற்கான நிபந்தனையும் உண்டு. இரண்டுமே தேதி நெடுவரிசையைத்தான் பார்க்கின்றன. ஒரே நெடுவரிசைக்கு இரண்டு நிபந்தனை வைக்கத் தடையில்லை. இரண்டும் பொருந்திய வரிசை மட்டுமே கூட்டலில் சேரும். EDATE(D2,1) என்பது D2-க்கு ஒரு மாதம் கழித்து வரும் தேதி, அதாவது 01-05-2024. கூட்டும் பகுதியும் தேடும் பகுதியும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் #VALUE! என்ற பிழை வரும்.

மேற்கோள்குறிக்குள் இருப்பது ஒப்பீட்டுக் குறி மட்டுமே. அதைத் தேதியோடு ஒட்டுவது & குறி; ஒட்டியபின் எக்செல் காண்பது ">=45383". தொடக்கத்தில் பலரும் ">=D2" என்று கட்டத்தின் பெயரையும் மேற்கோளுக்குள் வைத்துவிடுகிறார்கள். அப்போது D2 வெறும் எழுத்தாகிவிடும். பிழைச் செய்தி ஏதும் வராமல் விடை 0 என்று நிற்கும். தேதியைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுத வேண்டுமானால் ">=01/04/2024" என்று எழுதாமல் ">="&DATE(2024,4,1) என்று எழுதுவது நல்லது. முதல் வடிவத்தைக் கணினியின் வட்டார அமைப்புதான் படிக்கிறது. அமெரிக்க அமைப்பில் அது ஜனவரி 4 ஆகிவிடும்.

மேல் எல்லைக்கு மாதத்தின் கடைசி நாளை வைப்பதும் வழக்கத்தில் உண்டு: "<="&EOMONTH(D2,0). தேதியில் நேரம் இல்லாதவரை இதுவும் சரியான விடையே தரும். ஆனால் ஆறாம் வரிசையில் மாலை 6.30 என்ற நேரமும் இருக்கிறது. அதன் எண் 45412.77, EOMONTH தரும் எண்ணோ 45412, அதாவது 30-ஆம் தேதி பிறந்த நள்ளிரவு. எனவே 1,750 ரூபாய் ஏப்ரலில் சேராது. விடை 3,250 ஆகிவிடும். அந்தத் தொகை மே மாதத்திலும் விழாது, ஏனெனில் மே 45413-இல்தான் தொடங்குகிறது. பில் இயந்திரத்திலிருந்து இறக்கும் கோப்புகளில் நேரம் சேர்ந்தே வரக்கூடும் என்பதால், ‘அடுத்த மாத முதல் நாளுக்குக் குறைவு’ என்ற எல்லையே எப்போதும் பாதுகாப்பானது.

MONTH சார்பால் மாத எண்ணை எடுத்து ஒப்பிடலாமே என்று தோன்றும். SUMIFS தேடும் இடத்தில் தாளிலுள்ள கட்டங்களை மட்டுமே ஏற்கும். MONTH(A2:A7) என்று எழுதினால் எக்செல் சூத்திரத்தையே வாங்காது. SUMPRODUCT வழியாக அதைச் செய்தாலும், மாத எண் 4 என்பது 2023 ஏப்ரலுக்கும் பொருந்துவதால் இரண்டாம் வரிசையின் 600-உம் சேர்ந்து 5,600 வரும். எல்லைத் தேதிகளுக்குள் ஆண்டும் அடங்கியிருப்பதால் இந்தக் குழப்பம் எழுவதில்லை.

ஒரு மாதம் சரியாக வந்துவிட்டால் மற்றவை எளிது. D3-இல் =EDATE(D2,1) என்று எழுதி D13 வரை இழுத்தால் இந்திய நிதியாண்டின் 12 மாதங்களும் வரிசையாக வரும்; எண்ணாகத் தெரிந்தால் D2-இன் வடிவமைப்பையே கொடுக்க வேண்டும். E2-ஐயும் அதேபோல் இழுக்கலாம். $ குறி பகுதிகளை நகராமல் பிடித்துக்கொள்ளும். D2-இல் இருப்பது முதல் தேதியாகவே இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இருந்தால் திரையில் அதே Apr-2024 தெரியும். கூட்டலோ 15-இலிருந்து அடுத்த 14 வரை போகும்.

சூத்திரம் சரியாக இருந்தும் விடை குறைந்தால், சந்தேகம் தேதி நெடுவரிசையின் மேல் விழ வேண்டும். 13/04/2024 என்று வரும் கோப்பை அமெரிக்க வட்டார அமைப்புள்ள கணினியில் திறந்தால், பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் அது எழுத்தாகவே தங்கிவிடும். எண் எல்லையோடு எழுத்து பொருந்தாது. ஐந்தாம் வரிசை மட்டும் இப்படி எழுத்தாக இருந்தால் 2,400 ரூபாய் சத்தமில்லாமல் விடுபட்டு ஏப்ரல் 2,600 ஆகும். இதைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை போதும்:

```
=COUNTA(A2:A7)-COUNT(A2:A7)
```

COUNTA நிரம்பிய கட்டங்களையெல்லாம் எண்ணும். COUNT எண்களை மட்டும் எண்ணும். வித்தியாசம் 0 இல்லையென்றால் அத்தனை தேதிகள் எழுத்தாக இருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தாலும் அதோடு நிறுத்தக் கூடாது. அதே கோப்பில் 05/04/2024 போன்ற தேதிகள் எண்ணாக ஏறியிருக்கும், ஆனால் மே 4 என்று தலைகீழாக. இந்தச் சோதனை அவற்றைக் காட்டாது. 12-க்கு மேற்பட்ட நாள்கள் மட்டும் எழுத்தாக இருந்தால் அதுவே அடையாளம். கோப்பை மறுபடியும் இறக்கி, அப்போதே நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையைத் தேர்ந்தெடுப்பதுதான் தீர்வு.

கடைசிச் சரிபார்ப்பு மொத்தத்தோடு ஒப்பிடுவது:

```
=SUM(B2:B7)-SUM(E2:E13)
```

மேலே கண்ட பதிவில் ஏப்ரல் 5,000, மே 900, மற்ற மாதங்கள் 0. ஆண்டு மொத்தம் 5,900. வித்தியாசம் 1,800. இது நிதியாண்டுக்கு வெளியே நிற்கும் 600-உம் 1,200-உம் சேர்ந்த தொகை. எனவே கணக்கு சரி. வித்தியாசம் 4,200 என்று வந்திருந்தால், விளக்கமில்லாத 2,400 ஐந்தாம் வரிசையைச் சுட்டிக்காட்டும்.