கீமோவுக்குப் பின் பத்தாம் நாள் காய்ச்சல்

திருவண்ணாமலையிலிருந்து கீமோவுக்காக வேலூருக்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் பலர், மருந்து ஏறி முடிந்ததும் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆபத்தான நாள்கள் அதன் பிறகுதான் வருகின்றன. அப்போது பக்கத்தில் இருப்பது டாக்டர் அல்ல, குடும்பத்தார்.

நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. கிருமியை முதலில் போய் விழுங்கும் வெள்ளை அணுக்கள் இவை. இரத்தத்தில் இவற்றின் வாழ்வு ஏறத்தாழ ஒரு நாள்தான் என்பதால் மஜ்ஜை ஓயாமல் உழைத்தாக வேண்டும். வேகமாகப் பிரியும் செல்களைக் கொல்லும் கீமோ, புற்றுச் செல்லோடு சேர்த்து மஜ்ஜையையும் அடிக்கிறது. இருப்பில் உள்ள அணுக்கள் சில நாள் தாங்கும். பெரும்பாலான மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் கவுன்ட் அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் மொத்த வெள்ளை அணு 900, நியூட்ரோபில் 20 சதவீதம் என்றிருந்தால், 900-ல் 20 சதவீதம், அதாவது 180. இயல்பாக 1,500-க்கு மேல் இருக்க வேண்டும். 500-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. 100-க்குக் கீழே மிகக் கடுமை. 1966-ல் அமெரிக்காவில் ஜெரால்ட் போடி குழுவினர் 52 இரத்தப் புற்று நோயாளிகளை ஆராய்ந்தபோது, கவுன்ட் இறங்க இறங்க, இறங்கிய நிலையிலேயே நாள் நீள நீள, தொற்று கூடுவதைக் கண்டார்கள்.

கிருமி எங்கிருந்து வருகிறது? பார்க்க வந்த உறவினர்மேலோ கிரிவலக் கூட்டத்தின்மேலோ பழிபோடத் தோன்றும். பல நேரங்களில் அது நோயாளியின் குடலிலேயே இருந்த கிருமிதான். குடலின் உட்சுவரும் வேகமாகப் பிரியும் செல்களால் ஆனது. கீமோ அதையும் புண்ணாக்குகிறது. சுவர் விரிசல் விடுவதும் காவல் அணுக்கள் தீர்வதும் ஒரே வாரத்தில் நடப்பதால், ஈகோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் நேராக இரத்தத்துக்குள் புகுந்துவிடுகின்றன. வீட்டைப் பூட்டிவைத்து நோயாளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் இது நேரும். அது அவர்கள் தவறு அல்ல.

இனி, நம்மை ஏமாற்றும் இடம். சீழ் என்பது பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்களின் குவியல். அவை இல்லாதபோது சீழ் இல்லை. சிவப்பும் வீக்கமும்கூடச் சரியாகத் தெரியாது. நிமோனியா இருந்தும் மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். தொற்றின் அடையாளங்கள் எல்லாம் அழிந்துபோன உடம்பில் மிஞ்சுவது காய்ச்சல் ஒன்றே.

மாலை 7 மணிக்குக் குளிர் நடுக்கம், தெர்மாமீட்டரில் 101.2 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். 8 மணிக்கு 99 ஆகிறது. எல்லோரும் நிம்மதியாகப் படுக்கிறார்கள். இறங்கியது சூடு மட்டும். ஆய்வகத்தில் ஈகோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் 7 மணி நேரத்தில் ஒன்று இருபது லட்சமாகும். உடம்புக்குள் அவ்வளவு வேகம் இருக்காது, ஆனால் தடுக்க ஆளில்லை. இரவு 2 மணிக்கு நோயாளி எழுந்து நிற்க முடியாமல் சாய்கிறார். இரத்த அழுத்தம் 80-க்கு வந்துவிட்டது. இதுவே செப்டிக் அதிர்ச்சி. மாலை 7 மணியின் சிகிச்சை இப்போது போதாமல் போகலாம்.

ஒரு காலத்தில் கல்ச்சர் முடிவு வந்த பிறகே மருந்தைத் தீர்மானித்தார்கள். சூடோமோனாஸ் தாக்கியவர்கள் பலர் அந்தக் காத்திருப்பிலேயே இறந்தார்கள். 1971-ல் ஸ்டீபன் ஷிம்ப் குழுவினர் காய்ச்சல் கண்டதுமே இரண்டு ஆன்டிபயாடிக்குகளைத் தொடங்கிவிடலாம் என்று காட்டினார்கள். இன்றைய விதியும் அதன் வழி வந்ததே: மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்து, முதல் டோஸை நரம்பில் ஏற்ற வேண்டும். பிப்பராசிலின்-டாசோபாக்டம் போன்ற மருந்துகள் அதற்குப் பயன்படுகின்றன.

வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். "நம்ம டாக்டர்கிட்டயே போயிடலாம்" என்று காரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே கழியும். தீபத்தன்றோ பௌர்ணமியன்றோ ஊரைவிட்டு வண்டி வெளியேறவே அவ்வளவு நேரமாகலாம். அதனால் முதல் டோஸ் ஊரிலேயே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நரம்பு வழி மருந்து உடனே ஏற்றக்கூடிய வேறு மருத்துவமனையிலோ ஏறட்டும். கீமோ கொடுத்த டாக்டருக்குப் போகிற வழியில் போன் செய்யுங்கள். பெரிய ஊருக்கு மாற்றுவதைப் பிறகு முடிவு செய்யலாம். சேர்ந்ததும் முதல் வாக்கியமாக, "கீமோ போட்டு பத்து நாள், காய்ச்சல் 101" என்று சொல்லுங்கள். கீமோ சீட்டைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

வாயில் வைத்துப் பார்த்து 100.4 என்றாலே கிளம்புங்கள். அக்குளில் சற்றுக் குறைத்தே காட்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கக் கூடாது, அந்தச் சிறு கீறலே கிருமிக்கு வழி. ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம். நடுக்கம், மயக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் தெர்மாமீட்டரை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

சில நாள் கழித்து கவுன்ட் ஏறத் தொடங்கும்போது, அதுவரை இல்லாத வலியும் சிவப்பும் ஓரிடத்தில் தோன்றலாம், இருமல்கூடச் சற்று அதிகமாகலாம். டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் சிலருக்கு அது, திரும்பி வந்த நியூட்ரோபில்கள் தொற்று இருந்த இடத்தில் வேலையைத் தொடங்கியதால் வருவது.