இரண்டு ஸ்ட்ரைக்குக்கு நடுவே எத்தனை புள்ளி?

நிஃப்டி 24,000-இல் நிற்கிறது. எக்ஸ்பைரிக்கு இன்னும் பத்து நாள். அதற்குள் சந்தை பெரிதாக விழாது என்று நம்பும் ஒருவர் 23,800 புட்டை 120 ரூபாய்க்கு விற்கிறார். விற்றதோடு விட்டால், சந்தை சரிய சரிய நஷ்டமும் வளர்ந்துகொண்டே போகும். அதனால் இன்னும் கீழே உள்ள ஒரு புட்டை வாங்கித் தடுப்புப் போடுகிறார். இதுதான் புட் ஸ்பிரெட். செங்குத்து ஸ்பிரெட் வகைகளில் ஒன்று. எதை விற்பது என்று மணிக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, எவ்வளவு தள்ளி வாங்குவது என்பதைப் போகிறபோக்கில் முடிவுசெய்துவிடுகிறார்கள். லாபம், நஷ்டம், முடங்கும் பணம் மூன்றும் அந்த இடைவெளியைப் பொறுத்தே அமைகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் உதாரணத்துக்குத்தான். லாட் 65 என்று வைத்துக்கொள்வோம். பங்குச் சந்தை அவ்வப்போது மாற்றும் எண் இது.

23,700 புட் 92 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இடைவெளி 100 புள்ளி, கையில் மிஞ்சுவது 28. எல்லாம் நன்றாக நடந்தால் லாபம் 1,820 ரூபாய். மோசமாகப் போனால் 72 புள்ளி, அதாவது 4,680 ரூபாய் நஷ்டம். ஒரு ரூபாய் சம்பாதிக்க இரண்டரை ரூபாய்க்குச் சற்று மேல் பணயம்.

தடுப்பை 23,300-க்குத் தள்ளினால்? அந்த புட்டின் விலை 30 ரூபாய்தான். மிஞ்சுவது 90, லாபம் 5,850 ரூபாய். ஆனால் அதிகபட்ச நஷ்டம் 410 புள்ளி, 26,650 ரூபாய். ஒரு ரூபாய்க்கு நாலரை ரூபாய் பணயம். இடைவெளி ஐந்து மடங்கானது. வரவோ மூன்று மடங்கைச் சற்றே தாண்டியது. கீழே போகப் போக ஒவ்வொரு 100 புள்ளிக்கும் புட் விலையில் ஏற்படும் வித்தியாசம் சுருங்குவதே காரணம்.

இந்த விகிதத்தை மட்டும் பார்ப்பவர், குறுகிய ஸ்பிரெட்டே மேல், அதையே ஐந்து லாட் போடலாம் என்று முடிவுகட்டுவார். ஐந்து லாட்டுக்கு லாபம் 9,100, நஷ்டம் 23,400. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 23,700-இல் முடிந்தால் என்ன ஆகும்? ஐந்து லாட்காரருக்கு முழு 23,400 ரூபாயும் போய்விடும். 500 புள்ளி இடைவெளி வைத்து ஒரே லாட் போட்டவருக்குப் போவது 650 ரூபாய். அவருடைய நஷ்டம் 23,710-க்குக் கீழேதான் தொடங்கும். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாகக் கூடி, 23,350-க்குக் கீழே போனால்தான் ஐந்து லாட்காரரை மிஞ்சும். சாதாரணச் சரிவில் அகலமானது தாங்கும்; பெரிய சரிவில் அதுவே அதிகம் வாங்கும். இப்படி, விகிதத்தோடு அந்த நஷ்டம் எவ்வளவு எளிதில் வரும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

முடங்கும் பணத்தின் கதை வேறு. அமெரிக்கத் தரகர்கள் இப்படிப்பட்ட ஸ்பிரெட்டுக்குப் பொதுவாக அதிகபட்ச நஷ்டத் தொகையை மட்டும் பிடித்துவைப்பார்கள். அங்கே எழுதப்பட்ட புத்தகங்களைப் படித்துவிட்டு இங்கே வருபவர் தடுமாறும் இடம் இதுதான். நம் சந்தையில் ஸ்பான் மார்ஜினுக்குத்தான் ஹெட்ஜ் சலுகை. அதோடு, விற்ற புட்டுக்காக ஒப்பந்த மதிப்பில் 2 விழுக்காடு எக்ஸ்போஷர் மார்ஜின் தனியாக உண்டு. 15.6 லட்ச ரூபாய் ஒப்பந்தத்துக்கு அது 31,200. இடைவெளி குறுகினாலும் இது குறையாது.

தோராயமாக, 100 புள்ளி ஸ்பிரெட்டுக்கு 36,000 ரூபாய் முடங்கி 1,820 தருகிறது. ஏறக்குறைய 5 விழுக்காடு. 500 புள்ளி ஸ்பிரெட்டுக்கு 58,000 முடங்கி 5,850 தருகிறது, 10 விழுக்காடு. ஐந்து லாட் குறுகலுக்கோ 1.8 லட்சம் வேண்டும். குறுகல் என்றால் குறைந்த முதல் என்ற எண்ணம் இங்கே பாதிதான் சரி. எக்ஸ்பைரி அன்று விற்ற ஆப்ஷனுக்கு மேலும் 2 விழுக்காடு கட்ட வேண்டும் என்று 2024-இல் செபி கொண்டுவந்த விதி இந்த வித்தியாசத்தை அன்றைக்கு இன்னும் கூட்டும்.

இன்னொரு கசிவும் உண்டு. வாங்கும்போதும் விற்கும்போதும் ஒவ்வொரு காலிலும் ஒரு ரூபாய் தவறினால், 28-இல் 2 போவது வலிக்கும். 90-இல் போவது அவ்வளவாகத் தெரியாது. முன்கூட்டியே வெளியேற நினைத்தால் அதே இழப்பு மறுபடியும்.

அதற்காக எல்லோரும் 500-க்குப் போக வேண்டியதில்லை. ஒரு வியாபாரத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் இழக்க முடியாதவருக்கு 23,600 புட்டே எல்லை. அது 70 ரூபாய் என்றால் 200 புள்ளியில் நஷ்டம் 9,750-இல் நிற்கும், லாபம் 3,250. முதலில் தாங்கக்கூடிய நஷ்டம், பிறகு இடைவெளி, கடைசியில் லாட் என்று கணக்கிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். ஆர்டர் போடும்போது வாங்கும் காலை முதலில் போடுவார்கள். வெளியேறும்போது விற்ற காலை முதலில் மூடுவார்கள். வரிசை மாறினால், தடுப்பில்லாத புட்டுக்கான முழு மார்ஜினையும் கணக்கு அந்த நொடியே கேட்கும்.