உப்பில் அடுக்கும் ஞாபகங்கள்

சாவு வீட்டில் பெரியவர்களுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். சொந்தக்காரர்களுக்குப் போன் போட வேண்டும், பந்தல்காரரைக் கூப்பிட வேண்டும், பதினாறாம் நாளுக்குச் சாமான் வாங்க வேண்டும். குழந்தைக்கு மட்டும் எந்த வேலையும் கிடையாது. பக்கத்து வீட்டில் டி.வி. முன்னால் உட்கார வைத்துவிடுகிறோம். கருமாதி முடிந்ததும் போனவரின் பேரை அதன் காதுபட எடுக்கவும் தயங்குகிறோம். செத்தது வீட்டு நாயாக இருந்தால் இதுகூட இல்லை. “வேற ஒண்ணு வாங்கித் தரேன்” என்பதோடு துக்கம் முடிந்துவிடுகிறது.

அந்தக் குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய வேலை ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேண்டியது தூள் உப்பு, கலர் சாக்பீஸ், மூடி போட்ட ஒரு சின்ன பாட்டில், அதேபோல யாரையாவது இழந்த நாலைந்து குழந்தைகள்.

இப்படிக் குழந்தைகளைக் குழுவாக உட்கார வைக்கும் முறைக்கு வழிகாட்டிய இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் இருக்கும் டகி சென்டர். மூளைக் கட்டியால் இறந்த டகி என்ற சிறுவனின் பெயரில், பெவர்லி சாப்பல் என்ற நர்ஸ் 1982-இல் தொடங்கியது அது. அந்தப் பையன் சாவதற்கு முன் டாக்டர் எலிசபெத் கூப்ளர்-ராஸுக்குச் சாவைப் பற்றிக் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதினான். குழந்தைகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்தாசையாக இருக்க முடியும் என்பதை அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அந்த நர்ஸ் சொல்வார். அங்கே எல்லோரும் வட்டமாக உட்கார்வார்கள், ஒரு குச்சி கை மாறிக்கொண்டே வரும். குச்சி யார் கையில் இருக்கிறதோ அவர் தன் பெயர், யார் இறந்தார், எப்படி இறந்தார் என்று சொல்லலாம். விருப்பம் இல்லை என்றால் “பாஸ்” என்று சொல்லி அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது.

இந்த “பாஸ்”தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி என்று நினைக்கிறேன். பேசியே தீர வேண்டிய இடத்தில் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். பேசாமல் இருந்தாலும் குறை இல்லை என்று அதற்கு நிச்சயமாகத் தெரிந்தால் மூன்றாவது முறையோ நாலாவது முறையோ தானாகவே வாய் திறக்கும். அதுவரை அதன் கைக்கு வேலை வேண்டும். அங்கேதான் உப்பு வருகிறது.

உப்பு பாட்டில், துக்கத்தில் இருக்கும் குழந்தைகளுக்காக 1992-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் தொடங்கப்பட்ட வின்ஸ்டன்ஸ் விஷ் போன்ற அமைப்புகள் பல காலமாகச் செய்துவரும் பயிற்சி. இந்த வேலையில் இருப்பவர்கள் இதை ‘ஞாபக ஜாடி’ என்பார்கள். இறந்தவரைப் பற்றிய ஐந்து ஞாபகங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறத்து உப்பைப் பாட்டிலில் அடுக்கடுக்காகப் போடுவதுதான் விஷயம். கேட்பதற்குப் பள்ளிக்கூடக் கைவேலை வகுப்பு மாதிரி இருக்கும். செய்துபார்த்தால்தான் அதன் சூட்சுமம் புரியும்.

ஊர் நூலகத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஐந்து பிள்ளைகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஏழிலிருந்து பத்து வயதுக்குள். ஒருத்திக்குத் தாத்தா போய்விட்டார். அக்கா தங்கை இருவருக்கு அம்மா இல்லை. ஒரு பையனுக்கு அப்பா. இன்னொருத்தி வளர்த்த மணி என்ற நாய் லாரியில் அடிபட்டுவிட்டது. கூட இருக்கும் பெரியவர்கள் இரண்டு பேர். ஒருவர் போதாது. ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து வெளியே போனால் ஒருவர் பின்னாலேயே போயாக வேண்டும்.

நாய்க்காக அழுகிற பிள்ளையை அம்மாவை இழந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைக்கலாமா? பெரியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தனித்தனிக் குழு நடத்துகிற அளவுக்குப் பிள்ளைகள் இருந்தால் தனியாக வைப்பது மேல். இல்லாவிட்டால் சேர்ந்தே உட்காரட்டும், குழந்தைகள் தராசு தூக்குவதில்லை. “அவளுக்கு அம்மாவே போயிட்டாங்க, நீ நாய்க்குப் போய் அழறியே” என்று சொல்வது எப்போதும் பெரியவர்கள்தான்.

பெரியவர் முதலில் தன் கையால் ஒரு பாட்டில் செய்து காட்ட வேண்டும். ஊறுகாய் வரும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் போதும், கண்ணாடி வேண்டாம். பாட்டிலில் தூள் உப்பைக் கழுத்துவரை நிரப்பி, தட்டித் தட்டி இறக்கி, மறுபடியும் விளிம்புவரை நிரப்ப வேண்டும். அதுதான் அளவு. அதை ஐந்து வெள்ளைத் தாள்களில் சமமாகப் பிரித்துக் கொட்டிக்கொள்ள வேண்டும். கல் உப்பில் நிறம் பிடிக்காது. மழைக்காலமாக இருந்தால் உப்பை முந்தின நாளே வாணலியில் லேசாக வறுத்து ஆறவிட வேண்டும். ஈர உப்பு கட்டி கட்டியாக நின்றால் அடுக்கு சரியாக விழாது.

அடுத்தது, கையிலிருக்கும் தாளில் ஐந்து ஞாபகங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வைப்பது. எழுத வராத பிள்ளை படம் போடட்டும். மணியை வளர்த்தவள் ஆரஞ்சு என்று எழுதி, ‘ஸ்கூல் வேன் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடி வரும்’ என்கிறாள். நீலம், அதைக் குளிப்பாட்டுவது. பச்சை, பக்கத்து வீட்டுச் செடியைத் தோண்டி அடி வாங்கியது. ஐந்தாவதுக்கு ஒன்றும் எழுதாமல் நிறம் கலக்காத உப்பை அப்படியே வைத்துக்கொள்கிறாள். அது என்ன ஞாபகம் என்று கேட்கத் தோன்றும். கேட்கக்கூடாது. அதுவும் ஒரு “பாஸ்”தான்.

பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்து உப்பின் மேல் உருட்டித் தேய்க்க வேண்டும். நிறம் சீக்கிரம் ஏறாது, முதலில் வெளிறித்தான் இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் சில நிமிடங்களாவது ஆகும். கலர் கோலப்பொடியை உப்பில் கலந்தால் நொடியில் வேலை முடிந்துவிடுமே என்று பலருக்குத் தோன்றும். முடிந்துவிடும், அதுதான் கூடாது. இந்தத் தேய்ப்புக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். கை ஒரே மாதிரி அசைந்துகொண்டிருக்கும், கண் தாளில் இருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு வருவது இந்த நேரத்தில்தான். “எங்கம்மா மஞ்சள் புடவை நிறைய வெச்சிருந்தாங்க” என்று ஒருத்தி உப்பைப் பார்த்துச் சொல்வாள். “எங்க தாத்தா மூக்குப்பொடி போடுவார்” என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். துக்கக் குழுவில் சிரிப்பா என்று பதற வேண்டாம். குழந்தைகள் பத்து நிமிடம் அழுவார்கள், அடுத்த பத்து நிமிடம் விளையாடுவார்கள். துக்கத்தைத் தாங்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது.

அப்பாவை இழந்த பையன் கருப்பு வேண்டும் என்கிறான். சாக்பீஸ் டப்பாவில் கருப்பு இல்லை. அவன் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பவர். “நல்லதா ஏதாவது நினைச்சுக்கோப்பா, அப்பாதானே” என்று சொல்லத் துடிக்கும் நாக்கைப் பெரியவர் அடக்கிக்கொண்டு, ஒரு கரித்துண்டைத் தேடிக் கொடுக்க வேண்டும். அவன் பாட்டிலில் கருப்பும் இருக்கும், அப்பா தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டிய சிவப்பும் இருக்கும்.

இன்னொன்றும் வெளிவரலாம். “நான்தான் செத்துப்போன்னு கத்தினேன். அதான் செத்துட்டாங்க.” ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை பல பிள்ளைகள், தாங்கள் நினைத்ததும் சொன்னதும் ஒருவரைச் சாகடிக்கும் என்று உள்ளுக்குள் நம்புகிறார்கள். இதற்கு மட்டும் “பாஸ்” கிடையாது, உடனே நேராகப் பதில் சொல்ல வேண்டும்: “கோபத்துல சொல்ற வார்த்தையால யாருக்கும் சாவு வராதும்மா. உங்கம்மாவுக்குப் புற்றுநோய் இருந்துச்சு. அதனாலதான் இறந்துட்டாங்க.” ‘இறந்துட்டாங்க’ என்ற சொல்லைக் கூசாமல் சொல்ல வேண்டும். ‘தூங்குறாங்க’, ‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்று சொல்லி வைத்தால் சின்னப் பிள்ளை தூங்கப் பயப்படும், இல்லையென்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும்.

நிறம் ஏறிய பிறகு தாளை மடித்து, ஒவ்வொரு நிறமாக மெதுவாகப் பாட்டிலில் சரிக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் மேசையில் ஒரு தட்டு. குலுக்கவும் கூடாது, கிளறவும் கூடாது. எப்படியும் கொஞ்சம் உப்பு சிந்தியிருக்கும், அதனால் கழுத்துப் பக்கம் இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியோடு மூடினால் வீடு போய்ச் சேருவதற்குள் ஐந்து நிறமும் கலந்து சாம்பலாகிவிடும். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது இரண்டாவது இழப்பு. கையில் வைத்திருக்கும் மீதி உப்பைப் போட்டு நிரப்பி, மேலே பஞ்சை அழுத்தி வைத்து, மூடியின் உட்புறம் பசை தடவி இறுக்க வேண்டும். எந்த நிறம் எந்த ஞாபகம் என்று எழுதிய தாளைச் சுருட்டிப் பாட்டில் கழுத்தில் கட்டிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. பாட்டில் கவிழ்ந்தே போனாலும் திட்டாமல் இன்னொன்று கொடுக்கலாம்.

கூட்டிப்போக வரும் வீட்டாரிடம் ஐந்து நிமிடம் பேசியாக வேண்டும். பாட்டில் பிள்ளையுடையது, ஷோகேஸில் வைப்பதா, தலையணைக்குப் பக்கத்தில் வைப்பதா என்று அதுவே சொல்லட்டும். வந்த விருந்தாளிகளிடம் “ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்லிக் காட்டு” என்று நிறுத்தி வைக்கக்கூடாது. அன்றிரவு பிள்ளை அழலாம், அம்மா மடியை விட்டு இறங்க மறுக்கலாம், சின்னவர்கள் படுக்கையில் சிறுநீர் கழிக்கலாம். இரண்டொரு நாளில் அடங்கிவிட்டால் கவலை இல்லை. வாரக்கணக்கில் சாப்பாடு இறங்காமல், பள்ளிக்கூடம் போக மறுத்துக்கொண்டே இருந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, “நானும் அம்மாகிட்டயே போயிடறேன்” என்று சொன்னாலோ அது உப்பு பாட்டில் தாங்கும் பாரம் இல்லை. குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். எங்கே போவதென்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-இல் எந்த நேரத்திலும் கேட்கலாம். தற்கொலையிலோ கண்ணெதிரே நடந்த விபத்திலோ ஒருவரை இழந்த பிள்ளையைக் குழுவுக்கு அழைக்கும் முன்பும் அப்படி ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது. அது பார்த்ததையெல்லாம் விவரமாகச் சொல்லத் தொடங்கினால் மற்றப் பிள்ளைகளுக்கு இரவில் தூக்கம் போய்விடும்.

ஒரே சனிக்கிழமையோடு நிறுத்துவதாக இருந்தால் ஆரம்பிக்காமல் இருப்பதே மேல். பழகிய முகங்கள் திடீரென்று இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறேழு தடவையாவது, அதே இடத்தில் அதே பெரியவர்களோடு கூடுவது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடைசிச் சந்திப்புக்கு இரண்டு முறை முன்பிருந்தே “இன்னும் ரெண்டு தடவைதான்” என்று நினைவுபடுத்திக்கொண்டு வர வேண்டும். நடுவில் ஒரு பெரியவர் வேலை மாறிப் போவதாக இருந்தால் அவரே வந்து பிள்ளைகளிடம் சொல்லி விடைபெற வேண்டும், வேறு யாரும் அவருக்காகச் சொல்லக்கூடாது.