சங்கிலி விபத்து: தப்பு யாருக்கு எத்தனை பங்கு?

நெடுஞ்சாலையில் நாலைந்து வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக மோதி நின்றால், இறங்கி வருகிற எல்லோருடைய கையும் பின்னால் நிற்கிற வண்டியைத்தான் காட்டும். "பின்னால வந்து இடிச்சவன் மேலதான் தப்பு" என்பது நம் சாலைகளில் எழுதாத சட்டம். பல நேரங்களில் முதல் தகவல் அறிக்கையும் அதே நினைப்பில் எழுதப்படுகிறது. ஆனால் இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு மோதலும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப்படும். இந்த மோதலை யார் தவிர்த்திருக்க முடியும் என்று கேட்டு, தப்பைச் சதவீதமாகப் பங்கு போடுவார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, 2017 ஜனவரியில் கோவையில் நடந்த ஒரு விபத்தை எடுத்துக்கொள்ளலாம். முன்னால் ஒரு கார், அதன் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு பொறியியல் மாணவர், அவருக்கும் பின்னால் ஒரு பஸ். கார் திடீரென்று நின்றது. மோட்டார் சைக்கிள் அதன் பின்புறம் மோத, மாணவர் சாலையில் விழுந்தார். பின்னால் வந்த பஸ் அவர் மேல் ஏறியது. அவருடைய இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. காரை ஏன் அப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது, கர்ப்பிணியான தன் மனைவிக்குக் குமட்டல் வந்தது என்றார் கார் ஓட்டியவர்.

தீர்ப்பாயம் காரை முழுவதுமாக விடுவித்தது. பஸ்ஸுக்கு 80 சதவீதம், மாணவருக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் காரையும் உள்ளே கொண்டுவந்து, காருக்கு 40, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 30 என்று மாற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது: காருக்கு 50, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20. விபத்து ஒன்றுதான், சாட்சிகளும் அதே சாட்சிகள்தான். இருந்தும் மூன்று இடங்களில் மூன்று விதமான பங்கீடு. யாரையும் இடிக்காத, முன்னால் நின்ற கார், பூஜ்யத்திலிருந்து பாதிப் பொறுப்புக்கு வந்துவிட்டது.

உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம் எளிமையானது. நெடுஞ்சாலையில் வண்டிகள் வேகமாகத்தான் வரும். அங்கே நிறுத்த நினைப்பவர் பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை காட்டி எச்சரிக்க வேண்டும். மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்பது நடுச்சாலையில் சட்டென்று நிற்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் ஆகாது. அதேசமயம் மாணவரும் தப்பவில்லை. முன்னால் போன வண்டியிலிருந்து போதிய இடைவெளி விடவில்லை, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் இல்லை என்பதால் 20 சதவீதம் அவர் தலையில் விழுந்தது. மொத்த இழப்பீடாகக் கணக்கிட்ட தொகை ரூ.1,14,24,066. அதில் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு கழிந்து, கைக்கு வர வேண்டியது ரூ.91,39,253 ஆனது. ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் அவருடைய சொந்தத் தவறின் விலை.

முன்னால் போகிறவர் பிரேக் போட்டாலே அவர் மேல் பாதித் தப்பு விழும் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. 2018-இல் இதே உச்ச நீதிமன்றம், லாரிக்குப் பின்னால் 10, 15 அடி இடைவெளியில் வந்து மோதிய ஒரு காரின் வழக்கில், லாரி ஓட்டியவர் மேல் தவறு இல்லை என்றது. முன்வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்பது சாலை விதி. காரணமின்றிச் சட்டென்று பிரேக் போடக் கூடாது என்பதும் விதிதான். இந்த இரண்டில் எது எவ்வளவு மீறப்பட்டது என்பதைப் பொறுத்தே சதவீதம் ஏறும், இறங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். பிறகு உலர்ந்த சாலையில் நிற்க இன்னும் 35, 40 மீட்டர் வேண்டும். 15 அடி என்பது ஐந்து மீட்டர்கூட இல்லை.

எனக்கு மிகச் சிக்கலாகத் தெரிவது நடுவில் மாட்டிய வண்டியின் நிலைதான். மூன்று கார்கள் மோதி நிற்கின்றன. நடுக்காருக்கு முன்னும் பின்னும் அடி. அது தானாகப் போய் முன்காரை இடித்ததா, அல்லது ஒழுங்காக நின்றிருந்ததைப் பின்கார் இடித்துத் தள்ளியதா? தள்ளியது என்றால் பொறுப்பு முழுவதும் கடைசிக் காருக்கே போகலாம். தானாக இடித்தது என்றால் முன்காரின் சேதத்துக்கு நடுக்காரும் பதில் சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடிக்க முதலில் முன்காரில் இருந்தவரைக் கேட்க வேண்டும்: எத்தனை அடி உணர்ந்தீர்கள்? ஒரே அடி என்றால், நின்ற வண்டி தள்ளப்பட்டதற்கு வாய்ப்பு அதிகம். இரண்டு அடி என்றால், நடுக்கார் முதலில் மோதியிருக்கலாம், பிறகு பின்னாலிருந்து இன்னொரு தள்ளு வந்திருக்கலாம். அடுத்தது நடுக்காரின் மூக்கு. அழுத்திப் பிரேக் போடும் வண்டியின் முன்பக்கம் கீழே தாழும். அதன் பானெட் முன்காரின் பம்பருக்கு அடியில் புகுந்து நசுங்கியிருந்தால், பிரேக் போட்டபடியே வந்து மோதியதற்கு அது ஓர் அடையாளம். அது மட்டுமே தீர்ப்பாகிவிடாது. டயர் தேய்ந்த தடம், கண்ணாடித் துண்டுகள் கிடக்கும் இடம், டேஷ்கேம் பதிவு எல்லாம் சேர்ந்தால்தான் கதை முழுமையாகும். வண்டிகளை ஓரம் கட்டிய மறுநிமிடமே இவற்றில் பாதி அழிந்துவிடும்.

வண்டியில் சும்மா உட்கார்ந்து வந்த பயணிக்கு இந்தச் சண்டையில் பங்கே இல்லை. அவர் எந்தத் தவறும் செய்யாததால் அவருக்கு எதுவும் கழியாது. 2015-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: பலருடைய தவறு சேர்ந்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அவர் முழுத் தொகையையும் அவர்களில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம். 30 சதவீதப் பொறுப்புள்ள பஸ்ஸின் இன்சூரன்ஸ் நிறுவனம் பயணிக்கு முழுதும் கொடுத்துவிட்டு, மீதியைக் காரின் நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்வது அவர்களுக்குள் உள்ள வழக்கு. வண்டி ஓட்டிக் காயம்பட்டவருக்குத்தான் சொந்தப் பங்கு கழியும். இந்த வேறுபாடு தெரியாமல், "எங்க டிரைவர் மேலயும் தப்பு இருக்கே" என்று தயங்கி, மனு போடாமலே இருந்துவிடும் குடும்பங்களை நினைத்தால் மனது வலிக்கிறது.

முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயர் குற்றவாளியாக இருந்தாலும் தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. அது ஒரு சான்று, அவ்வளவே. அங்கே குற்ற வழக்கில் கேட்பதுபோலச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே போதும். எனவே சங்கிலி விபத்தில் மாட்டினால், அடிபட்டவர்களை 108-இல் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆபத்தில்லாத இடத்தில் நின்று, வண்டிகள் நகர்த்தப்படுவதற்கு முன் ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே தனித்தனியாகப் படம் எடுங்கள். எல்லா வண்டிகளின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் இருந்தவர் எத்தனை அடி உணர்ந்தார் என்பதை அப்போதே கேட்டு எழுதி வையுங்கள். மனு போடும்போது, சம்பந்தப்பட்ட எல்லா வண்டிகளின் உரிமையாளர்களையும் இன்சூரன்ஸ் நிறுவனங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் வற்புறுத்துங்கள்.