முதுகுப் பலகைக்கு ஒரு படி

அலமாரியின் முதுகுப் பலகையைப் பின்னால் அப்படியே ஆணியடித்து விட்டால், பக்கவாட்டில் பார்க்கும்போது பிளைவுட்டின் விளிம்பு பல் இளிக்கும். அதை மறைக்கத்தான் ரிபேட்: பலகையின் உள்விளிம்பில் வெட்டும் ஒரு சின்னப் படி.

600 மி.மீ. அகல அலமாரி, 18 மி.மீ. பக்கப் பலகைகள் என்று வைத்துக்கொள்வோம். படி உள்முகத்திலிருந்து 9 மி.மீ., அதாவது பலகையின் பாதி கனத்துக்கு, உள்ளே போகட்டும். அதற்கு மேல் வெட்டினால் மிஞ்சும் உதடு உடையும். பின்விளிம்பிலிருந்து எடுக்க வேண்டியது முதுகுப் பலகையின் கனம். 6 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் பல நேரம் அதைவிட மெல்லியதாக இருக்கும். ஆகவே ஒரு துண்டை வைத்துக் கோடு கிழியுங்கள். ரவுட்டரை முதலில் கழிவுக் கட்டையில் ஓட்டிப் பாருங்கள்.

உள் அகலம் 564. இருபுறமும் 9 சேர்த்தால் 582. பலகையை 581-க்கு அறுங்கள். ஆணிக்கு முன் இரு மூலைவிட்டங்களையும் அளங்கள். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைகளை அழுத்திச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் கோணலும் சேர்ந்தே நிலைத்துவிடும், கதவு பிறகு சொல்லிக் காட்டும்.

டிராயர் அடிக்கும் இதே படி போதும், ஆனால் துணிமணிக்கு மட்டும். அங்கே பாரம் பலகையைக் கீழே தள்ளுகிறது. தாங்குவது பசையும் திருகாணியும்தான். சுத்தியலும் ஸ்பேனரும் போடும் டிராயருக்குப் படி வேண்டாம், விளிம்புக்குச் சற்று மேலே காடி வெட்டிப் பலகையைச் செருகுங்கள்.