பின்னோக்கிப் பார்ப்பதும் முன்னோக்கிக் காத்திருப்பதும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு கிடங்கில் என் தந்தையார் கணக்கெழுதி வந்தார். நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி அவருக்கு வேண்டும். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்து அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது, "பீடி வலி உண்டோ?" என்று டாக்டர் கேட்டார். அம்மா சற்றுத் தயங்கி, "எப்போதாவது ஒன்று" என்றார். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

பின்னாளில் நான் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பிக்கச் சென்றபோது, அந்த ஒரு வரி அடிக்கடி நினைவுக்கு வந்தது. சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள், பொதுச் சுகாதாரம் படிப்பவள், வீட்டுக்கு வந்து, "மாமா, கேஸ்-கன்ட்ரோல் ஆய்வுக்கும் கோஹார்ட் ஆய்வுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் கடைசியில் இத்தனை மடங்கு என்றுதானே வருகிறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை அவளைப் போன்ற மற்ற பிள்ளைகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேஸ்-கன்ட்ரோல். இது நோயிலிருந்து தொடங்கிப் பழக்கத்தை நோக்கிப் பின்னால் நடப்பது. லண்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவரும் 1948-ல் தொடங்கி 1950-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நுரையீரல் புற்றுநோய் கண்ட ஒவ்வொருவருக்கும் இணையாக, அதே பாலினத்தில், அதே வயதுப் பிரிவில், புற்றுநோய் இல்லாத வேறொரு நோயாளியை மருத்துவமனையிலிருந்தே தேர்ந்தெடுத்தார்கள். இரு தரப்பாரிடமும் புகைப்பழக்கத்தை விசாரித்தார்கள். ஆண்களில் புற்றுநோயாளிகள் 649 பேர். புகைக்காதவர் அவர்களில் 2 பேர் மட்டுமே. ஒப்பீட்டுக்கு எடுத்த 649 பேரில் புகைக்காதவர் 27 பேர்.

இங்கேதான் மாணவர்கள் வழுக்குவார்கள். புகைத்தவர்கள் மொத்தம் 647-ம் 622-ம் சேர்ந்து 1269 பேர். அவர்களில் 647 பேருக்குப் புற்றுநோய். ஆகவே புகைப்பவரில் 51 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று எழுதிவிடுவார்கள். இது முழுத் தவறு. ஏனெனில் ஒப்பீட்டு ஆட்கள் எத்தனை பேர் என்பதை ஆய்வாளரே முடிவு செய்கிறார். அவர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்திருந்தால், புகைத்த ஒப்பீட்டு ஆட்கள் 1244 ஆகியிருப்பார்கள். அதே கணக்கு 34 சதவீதம் என்று காட்டும். ஆய்வாளர் விருப்பப்படி மாறும் எண், நோய் வரும் வாய்ப்பாக எப்படி இருக்க முடியும்?

மாறாத எண் ஒன்று உண்டு. நோயாளிகளில் புகைத்தவருக்கும் புகைக்காதவருக்கும் உள்ள விகிதம் 647-க்கு 2. ஒப்பீட்டு ஆட்களில் 622-க்கு 27. முதல் விகிதத்தை இரண்டாவதால் வகுத்தால் 14 வரும். ஒப்பீட்டு ஆட்களை இரட்டித்தால் 1244-க்கு 54. விடை அதே 14. இதுவே ஆட்ஸ் ரேஷியோ. நுரையீரல் புற்றுநோய் போல அரிதாக வரும் நோயில், இது உண்மையான ஆபத்து மடங்குக்கு மிக அருகில் நிற்கும்.

ஆனால் பின்னோக்கி நடப்பதில் என் அம்மா சொன்ன பதில் போன்ற பள்ளங்கள் உண்டு. அம்மா குறைத்துச் சொன்னார். வேறொருவர், நோய்க்குக் காரணம் தேடித் தேடி, கூட்டிச் சொல்லக்கூடும். கேள்வி கேட்பவரும் புற்றுநோயாளி என்று தெரிந்தால் துருவிக் கேட்பார். டாலும் ஹில்லும் இதைச் சோதித்துப் பார்த்த விதம் அழகானது. புற்றுநோய் என்று கருதி விசாரிக்கப்பட்ட சிலருக்கு, பிறகு அந்த நோய் இல்லை என்று தெரிந்தது. நினைவோ விசாரணையோதான் எண்களைத் திரித்திருந்தால், இவர்களும் புற்றுநோயாளிகளைப் போலவே அதிகம் புகைத்தவர்களாகப் பதிவாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. இவர்களின் பழக்கம் ஒப்பீட்டு ஆட்களை ஒத்திருந்தது.

இன்னொரு பள்ளம், ஒப்பீட்டு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. மருத்துவமனையில் படுத்திருக்கும் மற்ற நோயாளிகளில் பலர் புகையினாலேயே வேறு நோய் வந்தவர்களாக இருக்கலாம். அப்போது அவர்களும் அதிகம் புகைப்பவர்களாக இருப்பார்கள். வித்தியாசம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

இந்த ஐயங்களைத் தீர்க்கவே அவ்விருவரும் 1951-ல் மறுபக்கத்திலிருந்து தொடங்கினார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதிப் புகைப்பழக்கத்தைக் கேட்டார்கள். பதிலளித்த ஆண் மருத்துவர்களில் 34,439 பேரைப் பின்தொடர்ந்தார்கள். இது கோஹார்ட்: பழக்கத்தை முதலில் எழுதிவைத்துவிட்டு நோயை எதிர்நோக்கிக் காத்திருப்பது. நோய் வருவதற்கு முன்பே பதில் எழுதப்பட்டுவிட்டதால், நோய் அந்தப் பதிலைத் திரிக்க முடியாது.

இதில் யார் எத்தனை பேர் என்பதை ஆய்வாளர் நிர்ணயிக்கவில்லை, வாழ்க்கை நிர்ணயிக்கிறது. ஆகவே இறப்பு வீதத்தையே நேரடியாகக் கணக்கிடலாம். 1956 அறிக்கையின்படி, 35 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண் மருத்துவர்களில், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தோர், புகைக்காதவரில் 0.07, நாளொன்றுக்கு 25 கிராமோ அதற்கு மேலோ புகையிலை புகைத்தவரில் 1.66. அதாவது சுமார் 24 மடங்கு. முன்னே வந்த 14-ஐ இதனோடு நேராக ஒப்பிட வேண்டாம். அது எல்லாப் புகைப்பவரையும் சேர்த்த எண், இது அதிகம் புகைத்தவருக்கு மட்டும்.

விலை என்ன? 0.07 என்ற எண்ணை மீண்டும் பாருங்கள். புகைக்காத பத்தாயிரம் பேரைப் பின்தொடர்ந்தாலும் ஆண்டுக்கு ஓர் இறப்புகூட வராது. அதனால்தான் அத்தனை பேரும் அத்தனை ஆண்டுகளும் தேவைப்பட்டன. கோஹார்ட்டுக்கும் தனக்கென்று குறைகள் உண்டு. நோய் முற்றியவர்கள் கடிதத்துக்குப் பதில் எழுதமாட்டார்கள். ஆகவே முதல் சில ஆண்டுகளில் இறப்பு செயற்கையாகக் குறைந்து தெரியும். வழியில் சிலர் புகைப்பதை விட்டுவிடுவார்கள். எனவே இடையிடையே மீண்டும் கேட்க வேண்டும். அவர்களும் கேட்டார்கள். ஐம்பதாண்டு முடிவு 2004-ல்தான் வெளிவந்தது.

நம் பக்கத்திலேயே இரண்டு வகையும் உண்டு. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 778 நுரையீரல் புற்றுநோயாளிகளையும் 3430 ஒப்பீட்டு ஆட்களையும் கொண்டு நடந்த கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு 2003-ல் வெளியாயிற்று. மறுபக்கம், கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளி. கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டின் கதிரியக்கம் புற்றுநோயைக் கூட்டுகிறதா என்று அறிய, திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டர் 1990-லிருந்து அங்கே வீடு வீடாகச் சென்று விவரம் சேகரித்தது. புகைப்பழக்கத்தையும் கேட்டு வைத்தார்கள். அதில் 30 முதல் 84 வயது வரையிலான 65,829 ஆண்களைத் தொடர்ந்து பார்த்ததில், 2004 முடிவு வரை 212 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. பீடி புகைப்பவருக்கு ஆபத்து ஏறக்குறைய 4 மடங்கு. கதிரியக்கத்துக்காக எழுதிய நோட்டு பீடியைப் பற்றியும் பேசியது. ஒரு கோஹார்ட் பல நோய்களையும் பல காரணங்களையும் பார்க்க உதவும். கேஸ்-கன்ட்ரோல் ஒரே நோயைத்தான் பார்க்கும், ஆனால் சீக்கிரம், குறைந்த செலவில்.

"அப்படியானால் எது மேல், மாமா?" என்றாள் அந்தப் பெண். அரிய நோய், காரணம் இன்னதென்று தெரியாத நேரம், கையில் பணமும் காலமும் குறைவு என்றால் பின்னோக்கிப் பார். ஐயம் வலுத்த பிறகு, எத்தனை பேர் சாவார்கள் என்று சொல்ல வேண்டுமானால் முன்னோக்கிக் காத்திரு என்றேன்.

அவள் போன பிறகு அம்மா நினைவு வந்தது. கருநாகப்பள்ளியில் செய்தது போல், நோய் வருவதற்குமுன் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால், அப்பாவே சிரித்துக்கொண்டு, "இரண்டு கட்டு" என்று சொல்லியிருப்பார்.